பாலட் இடக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சராசரி உயரத்தை நம்பாதீர்கள்

கிடங்குத் திட்டம் போடப் புதிதாக வருகிறவர்களின் கணக்குத்தாளைத் திறந்தால், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் நிற்கின்றன. கூட்டல், கழித்தல் பிழைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். கணக்கு சரியாக இருந்தும், ரேக் நிறுவிய பிறகுதான் தெரியவருகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

## மொத்த இருப்பை வகுப்பது

மொத்தப் பெட்டிகளின் எண்ணிக்கையை, பெட்டிகளை அடுக்கித் தூக்கும் மரப் பலகையான பாலட் ஒன்றில் ஏறும் பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, விடையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு சரக்குகளின் அரைப் பாலட்கள் சேர்ந்து ஒரு முழுப் பாலட் ஆவதில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் தனியே வகுத்து, மீதி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும். சரக்கு ஒன்றுக்குச் சராசரியாக அரைப் பாலட் வீதம் கூடும். ஆகவே 500 வகைச் சரக்குகள் உள்ள கிடங்கில், மொத்தமாக வகுத்தவரின் கணக்கில் ஏறக்குறைய 250 இடங்கள் காணாமல் போயிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒவ்வொரு சரக்கின் உச்ச இருப்பையும் எடுத்து எல்லாவற்றையும் கூட்டிவிடுவார்கள். எல்லாச் சரக்குகளும் ஒரே நாளில் உச்சத்தைத் தொடுவதில்லை. காலியாக இருக்கும் எந்த இடத்திலும் எந்தச் சரக்கையும் வைக்கிற கிடங்கானால், ஓர் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் மொத்தப் பாலட் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அந்த மொத்தத்தின் உச்சத்தைப் பாருங்கள். சரக்குக்கு நிரந்தர இடம் ஒதுக்கும் கிடங்கில் மட்டுமே தனித்தனி உச்சங்களைக் கூட்டுவது பொருந்தும்.

## சராசரி உயரத்துக்கு ரேக் அமைப்பது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். கணக்குத்தாளில் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவுமே இருக்காது.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். உச்ச நாளில் கிடங்கில் 2,400 பாலட்கள் இருக்கின்றன. அவற்றில் 800 பாலட்களின் உயரம் 1.2 மீட்டர், 1,000 பாலட்களின் உயரம் 1.5 மீட்டர், 600 பாலட்களின் உயரம் 1.9 மீட்டர். இவை மரப் பாலட்டின் சுமார் 15 சென்டிமீட்டரையும் சேர்த்த உயரங்கள். சராசரி போட்டால் மிகச்சரியாக 1.5 மீட்டர் வருகிறது. புதியவர் மகிழ்ந்துபோவார்.

அடுத்து ரேக். பாலட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பீமின் உயரத்துக்கும், சுமையைத் தூக்கி எடுக்க அதன் தலைக்கு மேல் விடவேண்டிய இடைவெளிக்கும் சேர்த்து 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் தட்டுக்குத் தட்டு 1.75 மீட்டர். ரேக் தூணின் துளைகள் 5 சென்டிமீட்டருக்கு ஒன்று இருந்தால் இந்த அளவு பொருந்தும். மேல்தட்டிலுள்ள சுமையின் தலை 8.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றால், தரையையும் சேர்த்து 5 தட்டுகள் கிடைக்கும்: நான்கு 1.75 சேர்ந்து 7 மீட்டர், அதன்மேல் 1.5 மீட்டர் சுமை, ஆக 8.5. ஒரு பாலட் அகலமுள்ள தரையையும் அதன் மேலிருக்கும் எல்லா இடங்களையும் சேர்த்து ஒரு நிரல் என்று சொல்வோம். 2,400-ஐ 5-ஆல் வகுத்தால் 480 நிரல்கள். வரைபடம் தயாராகிவிடும், ஒப்புதலும் கிடைத்துவிடும்.

இப்படி அமைத்த ஒரு கிடங்கில், சரக்கு ஏற்றத் தொடங்கிய அன்று நான் நின்றிருந்தேன். பாலட்டை ரேக்கில் ஏற்றி இறக்கும் வண்டியான ரீச் டிரக்கின் ஓட்டுநர் உயரமான பாலட் ஒன்றை இரண்டாம் தட்டு வரை தூக்கிவிட்டு நிறுத்திவிட்டார். மேல் பீமுக்கும் கீழ் பீமுக்கும் நடுவே இருந்த இடத்தைவிடச் சுமையின் தலை ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்ந்து நின்றது. அவர் அடுத்த தட்டுக்குத் தூக்கினார், அதற்கடுத்ததற்கும் தூக்கினார். எல்லாத் தட்டுகளும் ஒரே அளவில்தானே இருந்தன! பிறகு கீழே இறக்கி, வழியின் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார். மாலைக்குள் அந்த வழி முழுவதும் உயரமான பாலட்கள் தரையில் நின்றன. ரேக்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

நம் உதாரணத்திலும் அதுவேதான் நடக்கும். 600 பாலட்களுக்கு எந்தத் தட்டிலும் இடமில்லை. மேல்தட்டிலும் 1.6 மீட்டர்தான் இருக்கிறது. உயரத்தைக் குறைத்து அடுக்கலாமே என்பார்கள். 1.9 மீட்டர் பாலட்டில் சரக்கு 1.75 மீட்டர்; 1.5 மீட்டர் இடத்தில் சரக்குக்குக் கிடைப்பது 1.35 மீட்டர். மீதி 40 சென்டிமீட்டர் சரக்கு இன்னொரு பாலட்டில் ஏறி இன்னோர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சரக்கின் மீதங்களை ஒன்றாகச் சேர்க்க முடியாவிட்டால் 600 இடங்களுக்குப் பதில் 1,200 இடங்கள் வேண்டும். சரி, 150 நிரல்களில் பீம்களை நகர்த்தி, 1.9 மீட்டர் பாலட்டுக்கு நான்கு தட்டுகளாக மாற்றலாம் என்றால், ஐந்தாம் தட்டுகளான 150 இடங்கள் போய்விடும். அத்தோடு முதல் பீமின் உயரத்தைக் கூட்டும்போது தூண் தாங்கும் எடை குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ரேக் தயாரிப்பாளரிடம் எடை அட்டவணையைத் திரும்பக் கேட்டு வாங்காமல் ஒரு பீமையும் நகர்த்தக் கூடாது.

இத்தனைக்கும் அதே 480 நிரல்களில் 2,400 பாலட்களையும் வைத்திருக்க முடியும். எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். மூன்று உயரங்களுக்கும் தட்டின் அளவுகள் முறையே 1.45, 1.75, 2.15 மீட்டர். மேல்தட்டின் தலைக்கு மேல் பீம் தேவையில்லை என்பதால், ஒரு நிரலில் இந்த அளவுகளின் கூட்டுத்தொகை 8.85 வரை போகலாம். இரண்டு 2.15-உம் மூன்று 1.45-உம் சேர்ந்தால் 8.65. ஒரு 2.15, மூன்று 1.75, ஒரு 1.45 சேர்ந்தால் சரியாக 8.85. ஐந்து 1.75 சேர்ந்தால் 8.75. இந்த மூன்று வகைகளில் முறையே 200, 200, 80 நிரல்கள் அமையுங்கள். உயரமானவை 400-உம் 200-உம் ஆக 600. நடுத்தரமானவை 600-உம் 400-உம் ஆக 1,000. குட்டையானவை 600-உம் 200-உம் ஆக 800. தரை அளவு மாறவில்லை, ஐந்து தட்டுகளும் மாறவில்லை. பீம் மாட்டும் உயரம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஆக, முதலில் வேண்டியது உயரங்களின் பட்டியல். சராசரியை அதன் பிறகும் தொட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைக் கணினியிலுள்ள பொருள் விவரத்திலிருந்து எடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் பெட்டி அடுக்கின் உயரம்தான் இருக்கும், பாலட்டின் உயரம் சேர்ந்திருக்காது. சரக்கு வந்திறங்கும் இடத்தில் அளவு நாடாவோடு நின்று, தரையிலிருந்து சுற்றுத்தாளின் மேல்மடிப்பு வரை அளந்து எழுதுங்கள். மேல் வரிசைப் பெட்டி ஒன்று தூக்கலாக உட்கார்ந்திருந்தால் அதன் உச்சிதான் அளவு.

காலி இடத்துக்கான கூடுதலையும் உயர வாரியாகவே போட வேண்டும். ரேக் முழுக்க நிரம்பினால் பாலட்டை வைக்க இடம் தேடுவதிலேயே நேரம் போய்விடும் என்பதால், உச்ச நாளிலும் பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கும்படி திட்டமிடுவது வழக்கம். இதையும் மொத்தத்துக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குட்டைப் பாலட் உயரமான இடத்தில் உட்காரும், உயரமான பாலட் குட்டை இடத்தில் நுழையாது. குட்டை இடங்கள் தீர்ந்ததும் அவை உயரமான இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கணக்கில் காலி இருக்கும், உயரமான பாலட்டுக்கு இடம் இருக்காது.

நம் உதாரணத்தில் 540 நிரல்கள் எடுத்தால் 2,700 இடங்கள். பீம் ஒன்றில் மூன்று பாலட்கள் அமருவதால் நிரல்களை மும்மூன்றாகத்தான் மாற்ற முடியும். எனவே மூன்று வகைகளிலும் முறையே 231, 231, 78 நிரல்கள் வைப்பேன். உயரமானவற்றுக்கு 693, நடுத்தரத்துக்கு 1,083, குட்டைக்கு 924 இடங்கள் கிடைக்கும். நடுத்தரத்தில் மட்டும் சற்று நெருக்கம். அங்கே வழிகிற பாலட்டை உயரமான இடம் ஏற்றுக்கொள்ளும்.

## வழியின் அகலத்தைத் தூணுக்குத் தூண் அளப்பது

ரீச் டிரக்குக்கு 2.8 மீட்டர் வழி வேண்டும் என்றால், அது சுமைக்குச் சுமை உள்ள தூரம். 1.2 மீட்டர் ஆழமுள்ள பாலட், 1.1 மீட்டர் ஆழமுள்ள ரேக்கில் இருபுறமும் 5 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூணுக்குத் தூண் 2.8 என்று வரைந்தால், வண்டி திரும்பக் கிடைப்பது 2.7 மீட்டர்தான். வண்டியின் விவரத்தாளில் உள்ள அகலத்தில் 20 சென்டிமீட்டர் பாதுகாப்பு இடைவெளி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த 10 சென்டிமீட்டரை அலட்சியப்படுத்த முடியாததற்குக் காரணம், வழிகள் முழு எண்ணில்தான் வரும் என்பது. 26.6 மீட்டர் அகலக் கட்டடத்தில் 10 வரிசைப் பாலட்களுக்கு 12 மீட்டர், 5 வழிகளுக்கு 14, முதுகோடு முதுகாக நிற்கும் நான்கு ஜோடிகளின் நடுவே 0.4, சுவர்களின் ஓரம் 0.2. மொத்தம் 26.6, இம்மியும் மிச்சமில்லை. வழி ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் கூடினால் ஒரு வழியே போய்விடும். அதோடு இரண்டு வரிசைகள் போகும். வரிசைக்கு 54 நிரல்கள், ஐந்து தட்டுகள்: 540 இடங்கள். சதுர மீட்டருக்கு இத்தனை பாலட் என்ற விகிதத்தை வைத்துக் கணக்கிடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. வண்டி எது என்று முடிவாகாமல் இட எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள்.

## கூரையிலிருந்து உயரம் எடுப்பது

தீயணைப்புத் தெளிப்பானின் அடியிலிருந்து எடுங்கள். சில வகைத் தெளிப்பான்களுக்குக் கீழே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும்.

## கட்டடத்தின் தூண்களை மறப்பது

வரைபடத்தில் முதலில் தூண்களைப் போடுங்கள், பிறகு ரேக்.

## குறுக்கு வழியைக் கணக்கில் சேர்க்காதது

வரிசைகளின் நடுவே ஆட்கள் தப்பிக்கவும் வண்டிகள் சுற்றாமல் போகவும் குறுக்கு வழி வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று நிரல்களின் கீழ் இரண்டு தட்டுகள் அதற்குப் போனால், பத்து வரிசைகளில் 60 இடங்கள் குறையும். நம் 2,700 அப்போது 2,640 ஆகிவிடும். உச்ச நாளில் 91 சதவீதம் நிரம்பும். அதற்கு மேல் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.