'3+' என்று மட்டும் எழுதாதீர்கள்
மதுரை விளக்குத்தூண் பக்கம் பொம்மைக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விற்கும் பொம்மையின் படத்துக்குக் கீழே வயதை '3+' என்று மட்டும் போட்டால், "எம் பேரன் கெட்டிக்காரன், இப்பவே விளையாடுவான்" என்று இரண்டு வயதுக்கே வாங்கிப் போய்விடுவார்கள். அந்த 3 தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயத்துக்காகப் போட்டது. காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்:

"லைட் எரியும் கார். 3 வயதுக்கு மேல் மட்டும். சக்கரம் கழன்றால் சின்னக் குழந்தை விழுங்கிவிடலாம். பட்டன் பேட்டரி மூடிக்கு ஸ்குரூ உண்டு, இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. பெயின்ட்டை நாங்கள் சோதிக்கவில்லை."

கடைசி வரியைப் படித்தால்தான் மற்றதையும் நம்புவார்கள். முத்திரையோடு இருக்கும் CM/L உரிம எண்ணை BIS Care செயலியில் போட்டு, உரிமம் நடப்பில் உள்ளதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.