லியூவில் தேற்றத்திலிருந்து இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலப்பெண் தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வகையிடத்தக்க சார்பை முழுச் சார்பு என்கிறோம். முழுச் சார்பு ஒன்று வரம்புடையதாகவும் இருந்தால் அது மாறிலியாகத்தான் இருக்க முடியும் என்பதே லியூவில் தேற்றம். கோஷி இதை 1844இல் வெளியிட்டார். லியூவில் 1847இல் தம் விரிவுரைகளில் எடுத்துரைத்ததால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. கூற்று சிறியதாக இருப்பதாலேயே அதன் நிபந்தனைகளைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, வரம்பை மெய் அச்சில் மட்டும் பார்ப்பது. sin z ஒரு முழுச் சார்பு. மெய்யெண்களில் அதன் மதிப்பு −1க்கும் 1க்கும் இடையிலேயே இருக்கிறது. ஆனாலும் அது மாறிலி அன்று. கற்பனை அச்சில் |sin(iy)| = |sinh y| என்பதால், y = 10 எனும்போதே அதன் மட்டு மதிப்பு 11,000ஐத் தாண்டிவிடுகிறது. மறுபுறம், 1/(1+|z|²) தளம் முழுவதும் வரம்புடையது. ஆனால் அது முழுச் சார்பு அன்று. இரண்டு நிபந்தனைகளும் ஒரே சார்புக்குச் சேர்ந்தே பொருந்த வேண்டும்.

அடுத்த தவறு கோஷி மதிப்பீட்டைக் கையாளும்போது நேர்கிறது. a என்னும் மையமும் R என்னும் ஆரமும் கொண்ட வட்டத்தின் மீது |f(z)|இன் மீப்பெரு மதிப்பு M எனில், |f⁽ⁿ⁾(a)| ≤ n!·M/Rⁿ ஆகும். இங்கே M பொதுவாக Rஐச் சார்ந்தது. f(z) = z, a = 0 என எடுத்தால் M = R; n = 1க்கு மதிப்பீடு 1 ≤ 1 என்று முடிந்துவிடுகிறது, R எவ்வளவு பெரிதானாலும் வலப்பக்கம் சுருங்குவதில்லை. f வரம்புடையது என்ற நிபந்தனை, எல்லா வட்டங்களுக்கும் பொருந்தும் ஒரே Mஐத் தருகிறது. அதனால்தான் M/R சுழியை நெருங்குகிறது. மேலும், a = 0இல் மட்டும் f′(0) = 0 என்று காட்டி நிறுத்திவிட்டால் நிறுவல் முடிவதில்லை, ஏனெனில் z²க்கும் f′(0) = 0தான். மையம் aஐ விருப்பப்படி எடுத்து, எல்லாப் புள்ளிகளிலும் f′ சுழி என்று காட்ட வேண்டும்.

இனி மூலத்தின் இருப்புக்கு வருவோம். மாறிலி அல்லாத ஒவ்வொரு பல்லுறுப்புக்கோவைக்கும் கலப்பெண் தளத்தில் ஒரு மூலமாவது உண்டு என்பதே இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். மாறிலி அல்லாத பல்லுறுப்புக்கோவை pக்கு மூலமே இல்லை என்று கொண்டால், 1/p முழுச் சார்பாகிறது. இதன் பின் "z பெரிதாகும்போது |p(z)|உம் பெரிதாகிறது, ஆகவே 1/p வரம்புடையது" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவதைத் திருத்தும் தாள்களில் மீண்டும் மீண்டும் காண்கிறேன். அந்த வாக்கியம் ஒரு பெரிய வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதிக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. வட்டத்துக்குள்ளே 1/p வரம்புடையதாக இருப்பதற்குக் காரணம் வேறு: மூடிய வட்டத்தகட்டில் அது தொடர்ச்சியானது, தொடர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் p அங்கே எங்கும் சுழியாகவில்லை என்ற நம் எடுகோள். இரு பகுதிகளும் சேர்ந்த பிறகே லியூவில் தேற்றத்தின்படி 1/p மாறிலி, ஆகவே pயும் மாறிலி என்ற முரண்பாடு கிடைக்கிறது.

நிறுவலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: pயின் இடத்தில் eᶻஐ வைத்துப் பாருங்கள். eᶻக்கு மூலம் இல்லை, 1/eᶻ முழுச் சார்பு, ஆனால் z = −R என்னும்போது அதன் மதிப்பு eᴿ. ஆகவே உங்கள் நிறுவல் eᶻக்கும் பொருந்துவதுபோல் தோன்றினால், எல்லாத் திசைகளிலும் |p| வளர்கிறது என்பதை நீங்கள் நிறுவாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அந்த வளர்ச்சியை ஓர் எடுத்துக்காட்டில் காண்போம். p(z) = z⁴ + 3z + 5 என்க. z மெய்யெண்ணாக இருக்கும்போது இதன் மிகச் சிறிய மதிப்பு ஏறத்தாழ 2.96 என்பதால் இதற்கு மெய் மூலம் இல்லை. |z| = R என்னும் வட்டத்தில் முக்கோணச் சமனிலியின்படி |p(z)| ≥ R⁴ − 3R − 5. இங்கு குறிகளைக் கவனிக்க வேண்டும். R⁴ + 3R + 5 என்பது மேல் வரம்பு, 1/pக்கு அதனால் பயனில்லை.

இப்போது லியூவில் தேற்றத்தைக்கூட அழைக்க வேண்டியதில்லை; கோஷி மதிப்பீட்டை n = 0, a = 0 என்று 1/pக்கு நேரடியாகப் பயன்படுத்தலாம். R = 2 எனில் கீழ் வரம்பு 16 − 6 − 5 = 5; 1/p(0) = 1/5 என்பதால் 1/5 ≤ 1/5 என்றுதான் கிடைக்கிறது, முரண்பாடு இல்லை. R = 3 எனில் கீழ் வரம்பு 81 − 9 − 5 = 67. |z| ≤ 3 என்னும் தகட்டில் மூலம் இல்லையென்றால் 1/5 ≤ 1/67 ஆக வேண்டும், அது பொய். எனவே |z| < 3க்குள் ஒரு மூலம் உண்டு.

இந்த வாதம் ஒரு மூலம் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அதன் மதிப்பையோ, மூலங்களின் எண்ணிக்கையையோ தருவதில்லை. நான்கு மூலங்கள் உண்டென எழுத விரும்பினால், கிடைத்த மூலம் cக்கு உரிய (z − c)ஆல் வகுத்து, படி குறைந்த ஈவுக்கு இதே வாதத்தை மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டும். படி சுழியாகும்போது, அதாவது ஈவு மாறிலியாகும்போது, நிறுத்திவிட வேண்டும்.