ட்ரோன் தெளிப்புத் தொழில் தொடங்குகிறீர்களா? முதலில் மருந்துக் கணக்கு, பிறகு பேட்டரிக் கணக்கு

டெல்டாவில் ஒரு சிறுநகரத்தை மையமாக வைத்து, சுற்றியுள்ள கிராமங்களுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாண வீட்டுப் படப்பிடிப்பையும் இதோடு சேர்த்துச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் சோறு போடுவது தெளிப்புதான். படப்பிடிப்புக்கு நகரில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம். முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் வேலை இருக்காது. அதைப் பற்றிக் கடைசியில் சில வரிகள் சொல்கிறேன்.

ட்ரோனை எப்படிப் பறக்கவிடுவது என்பதைப் பயிற்சி மையத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் இங்கே தொடவில்லை.

முதல் படி: வரைபடம்

ட்ரோன் வாங்குவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள். பச்சை மண்டலம் என்றால் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு, 5 முதல் 8 வரை மஞ்சள், 8 முதல் 12 வரை 200 அடி வரைக்கும் மட்டும் பச்சை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. திருச்சியில் விமான நிலையம். இவற்றுக்கு அருகில் வயல் பிடித்தால் தொல்லை. பயிர் மேலே மூன்று மீட்டர்தானே பறக்கிறோம் என்ற வாதம் சிவப்பு மண்டலத்தில் எடுபடாது.

இரண்டாம் படி: விமானிச் சான்றிதழ், எந்த வகைக்கு?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். பத்து லிட்டர் தெளிப்பு ட்ரோன் மருந்தோடு சேர்த்து ஸ்மால் வகையில் வரும். சான்றிதழில் வகை எழுதப்பட்டிருக்கும் என்பதால், கட்டணம் குறைவு என்று மைக்ரோ பயிற்சியில் சேர்ந்துவிட்டால் அந்தக் காகிதத்தை வைத்துத் தெளிப்பு ட்ரோனைத் தொட முடியாது. சேரும்போதே ஸ்மால் வகை என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சான்றிதழ் பத்து ஆண்டுகள் செல்லும்.

மூன்றாம் படி: ட்ரோன் வாங்குவது

இரண்டு வழிகள் உண்டு. வகைச் சான்று, அதாவது அந்த மாதிரிக்கே அரசின் ஒப்புதல், பெற்ற ட்ரோனை நிறுவனத்திடம் வாங்கலாம். அல்லது பாகம் பாகமாக வாங்கி, யாரையாவது வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். இது பாதி விலையில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதன் பக்கமே போகாதீர்கள். வகைச் சான்று இல்லாத ட்ரோனுக்கு அடையாள எண் கிடைக்காது. அடையாள எண் இல்லையென்றால் காப்பீடு, வங்கிக் கடன், மானியம் எல்லாம் கைநழுவும். யாருடைய கூரையிலாவது விழுந்தால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

மானியத்தைப் பொறுத்தவரை வேளாண் இயந்திர வாடகை மையம் தொடங்குபவர்களுக்கு 40 விழுக்காடு, உச்சவரம்பு 4 லட்சம். வேளாண் பட்டதாரி வாடகை மையம் தொடங்கினால் 50 விழுக்காடு, 5 லட்சம் வரை. நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு 80 விழுக்காடு, 8 லட்சம் வரை என்று அறிவித்தார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய், இந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அதன்பிறகு விலைப்புள்ளி வாங்குங்கள். வாங்கிய பிறகு மானியம் கேட்பது நடக்காத காரியம்.

நான்காம் படி: மருந்துக் கணக்கு

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கைத்தெளிப்பானில் அடித்துப் பழகிய விவசாயிக்கு மருந்தின் அளவு "லிட்டருக்கு இத்தனை மில்லி" என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் ஊற்றும்போது அது சரி. ட்ரோனில் ஏக்கருக்கு 10 லிட்டர்தான் போகிறது. ஆகவே லிட்டர் கணக்கை மறந்துவிட்டு ஏக்கர் கணக்குக்கு வர வேண்டும்.

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்குக் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி ஏக்கருக்கு 60 மில்லி. 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.3 மில்லி. இதே 0.3 மில்லியை ட்ரோன் தொட்டியின் 10 லிட்டருக்குப் போட்டால் 3 மில்லிதான் வரும். இருபதில் ஒரு பங்கு மருந்து, புழு சாகாது. ட்ரோன் சரியில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு கிளம்பும். 60 மில்லியையும் அந்த 10 லிட்டருக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல். நம் ஆட்கள் ஏக்கரில் பேச மாட்டார்கள், மாவில் பேசுவார்கள். "ஏழு மா இருக்கு தம்பி" என்பார் பெரியவர். ஒரு மா 33 சென்ட் என்று வைத்தால் ஏழு மா 231 சென்ட், அதாவது 2.3 ஏக்கர். தண்ணீர் 23 லிட்டர், மருந்து 138 மில்லி. இதை மூன்று தடவையாகத் தனித்தனியே கலக்காமல் ஒரே டிரம்மில் 23 லிட்டராகக் கலந்து வைத்துக்கொண்டு, தொட்டிக்குத் தேவையானதை ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசித் தொட்டி அரைகுறையாக இருந்தாலும் கலவையின் வீரியம் மாறாது.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் எல்லாமே கரைந்துவிடாது. நனையும் தூள் மருந்துகள் கெட்டியாகி வடிகட்டியை அடைக்கும். இரண்டு மருந்தைச் சேர்க்கும்போது திரிந்தும் போகலாம். அதனால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அதே விகிதத்தில் கொஞ்சமாகக் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் படிந்தாலோ தயிர்போல் திரிந்தாலோ அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உளுந்துக்கு 2 விழுக்காடு டிஏபி கரைசல் அடிக்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்: ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் தண்ணீரில் அடிப்பது சரிப்படாது.

ஐந்தாம் படி: தெளிப்பு வேகத்தைச் சரிபார்ப்பது

நொடிக்கு 4 மீட்டர் வேகம், 4 மீட்டர் அகலப் பட்டை என்று வைத்தால் ஒரு நொடியில் 16 சதுர மீட்டர் நனைகிறது. ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். 253 நொடி, அதாவது நாலேகால் நிமிடத்தில் 10 லிட்டரும் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 2.4 லிட்டர்; நான்கு தெளிப்பு முனைகள் என்றால் ஒவ்வொன்றிலும் 0.6 லிட்டர். (திரும்பும்போது தெளிப்பு நின்றுவிடும், ஆகவே பறக்கும் நேரம் இதைவிடக் கூடுதலாகவே வரும்.)

ட்ரோனை மேடையில் நிறுத்தி, இறக்கைகளைக் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீர் ஊற்றி பம்பை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு முனைக்கும் அடியில் ஓர் அளவு ஜாடி. ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். மூன்று ஜாடியில் 600 மில்லி, ஒன்றில் 480 என்று வந்தால் அந்த முனை அடைத்திருக்கிறது. பல் துலக்கும் தூரிகையால் தேயுங்கள், ஊசியால் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். அடைத்த முனையோடு அடித்த வயலில், மற்ற இடமெல்லாம் பச்சையாக இருக்க, ட்ரோன் போன திசையிலேயே வெளுத்த கோடுகள் தெரியும். நேராக, சம இடைவெளியில் கோடு இருந்தால் கோளாறு முனையிலோ பட்டை அகலத்திலோதான். மருந்தைக் குறை சொல்லாதீர்கள்.

ஆறாம் படி: வயலில்

முதலில் வரப்பைச் சுற்றி நடந்து வாருங்கள். மின்கம்பிகூடக் கண்ணில் பட்டுவிடும். கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியும், பறவை விரட்டக் கட்டிய நைலான் கயிறும் மேலிருந்து தெரியாது. அவற்றைக் கண்ட இடத்தில் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள்.

காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் அடிப்பது நல்லது. நடுப்பகலில் நுண்துளி இலையில் விழும் முன்பே காய்ந்துவிடும். காற்று வேகமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். பக்கத்து வயலில் பருத்தி இருந்தால் 2,4-டி களைக்கொல்லியைத் தொடவே மாட்டேன். காற்றில் போன கொஞ்சமே இலையைச் சுருட்டிவிடும். மீன் குளம் பக்கத்தில் இருந்தாலும் பூச்சி மருந்து வேலையை ஒத்துக்கொள்வதில்லை.

தொட்டியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். அடித்த வயலின் ஓரத்திலேயே ஊற்றிவிடுங்கள்.

ஏழாம் படி: பேட்டரிக் கணக்கு

விளம்பரத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ ஏக்கர் என்பார்கள். சிறு சிறு வயல், வரப்பு மாறுவது, காற்றுக்காக நிறுத்துவது எல்லாம் போக, இரண்டு உதவியாளர்களோடு 20 ஏக்கர் என்று கணக்குப் போடுங்கள். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கீழே இருப்பது கணக்குப் போடும் முறைக்காக.

ஏக்கருக்கு 550 ரூபாய் என்றால் வரவு 11,000. ஒரு ஏக்கருக்கு ஒரு ஜோடி பேட்டரியின் சார்ஜ் தீர்கிறது. ஜோடி 60,000 ரூபாய், 300 சுற்று தாங்கும் என்றால் ஏக்கருக்கு 200 ரூபாய் பேட்டரிக்கே. 20 ஏக்கருக்கு 4,000. உதவியாளர் கூலி 1,600. ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் எரிபொருள் 1,400. ஊரில் வேலை பிடித்துக் கொடுப்பவருக்கு ஏக்கருக்கு 50 என்று 1,000. மீதி 3,000. குறுவை, சம்பா, தாளடி சேர்த்து ஆண்டுக்கு 80 நாள் ஓடினால் 2,40,000. இதிலிருந்துதான் கடன் தவணை, காப்பீடு, உடைந்த இறக்கை எல்லாம்.

பேட்டரிச் செலவு கூலியைவிட இரண்டரை மடங்கு என்பதைப் பாருங்கள். அதைப் பெரும்பாலோர் செலவாகவே எழுதுவதில்லை. இரண்டாம் ஆண்டில் புது ஜோடி வாங்கும்போது கையில் காசு இருக்காது. ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போகும் முன் இறக்குங்கள். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். பருவம் முடிந்ததும் முழு சார்ஜில் வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்துவையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள்.

படப்பிடிப்பு பற்றி

250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் எடையுள்ளதைக் காசுக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டும். மைக்ரோவுக்கு உள்ள விலக்கு வணிக நோக்கமில்லாதவர்களுக்கு மட்டும். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதையும் நினைவில் வையுங்கள். ரசீது இல்லாமல் மலிவாக வரும் கேமரா ட்ரோன்களின் வழி என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மனைப்பிரிவு, கோயில் குடமுழுக்கு இரண்டுக்கும் நானோ போதும். குடமுழுக்குக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: புகையானுக்கு ட்ரோனில் அடித்தும் கேட்கவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்காரும் பூச்சி. கதிர் வரும் பருவத்தில் இலை அடர்த்தியாக மூடியிருக்கும்போது ட்ரோன் துளி மேலிலையிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை எட்டடிக்கு ஒரு பட்டமாக விலக்கி, கைத்தெளிப்பானால் தூரில் படும்படி அடிக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை நீங்கள் எடுக்காதீர்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடுத்த வாரம் அந்த விவசாயியே கூப்பிடுவார்.