காணாமல் போன மின்னஞ்சல் வரைவைத் தேட ஒரு வழி

ஜிமெயிலில் பாதியில் விட்ட கடிதம் கண்ணில் படாவிட்டால், தேடல் பெட்டியில் `in:drafts` என்று தட்டி, அதையடுத்து அக்கடிதத்தில் எழுதிய ஒரு முழுச்சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

தட்டச்சை நிறுத்திய சில நொடிகளில் வரைவு தானாகவே சேமிக்கப்படுகிறது. ஆனால் பதிலாக எழுதிய வரைவு தனிக் கடிதமாக நிற்காமல் பழைய உரையாடலுக்குள்ளேயே தங்குவதால், எடுத்துக்காட்டாக, பட்டா மாறுதல் குறித்து நீங்கள் எழுதிய பதில், Drafts பட்டியலில் முதல் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கும். `in:drafts பட்டா` என்று தேடி, உரையாடலைத் திறந்து, அடிவரை செல்லுங்கள்.

குப்பைக்கூடைப் படத்தை அழுத்தி நீக்கிய வரைவுக்கு இது உதவாது. அது Trash பகுதிக்குச் செல்வதில்லை. இணையம் அறுந்திருந்தபோது தட்டியதும் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்காது. ஆகவே இணைப்பு திரும்பும்வரை அந்தப் பக்கத்தை மூடாதீர்கள்.