கண்ணாடியில் விழும் உங்கள் உருவத்தை நீக்க

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையின் கண்ணாடிக்குள் இருந்த குத்துவிளக்கைப் படம் எடுத்தேன். விளக்கின் மேல் என் முகமும் வெயிலடித்த தெருவும் படிந்திருந்தன. அழிப்பானால் தேய்த்துப் பார்த்தால் விளக்கின் வேலைப்பாடும் சேர்ந்து போய்விடுகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பிரதிபலிப்பு எப்போதும் வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்காது. ஆகவே ஒரே கோணத்தில் எடுத்த பல படங்களில், ஒவ்வோர் இடத்திலும் மிக இருண்டதே கண்ணாடிக்கு உள்ளே இருப்பதற்கு மிக நெருக்கமானது.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டி, 10 விநாடி டைமர் வையுங்கள். கேமராவுக்குப் பின்னால் விரித்த கறுப்புக் குடையுடன் நின்று, ஒவ்வொரு படத்துக்கும் சற்று நகருங்கள். குடையின் பிம்பம் மறைக்கும் பகுதியில் தெரு தெரியாது, விளக்கு தெளிவாகத் தெரியும். எனக்கு நான்கு படங்கள் போதுமாயின.

பிறகு GIMP மென்பொருளில் `File > Open as Layers` மூலம் அவற்றைத் திறந்து, அடியில் உள்ளதைத் தவிர மற்ற அடுக்குகளின் `Mode` என்பதை `Darken only` ஆக்குங்கள். முகமும் தெருவும் மறைந்துவிடும்.

விளிம்புகளில் இரட்டைக் கோடு தெரிந்தால் முக்காலி அசைந்திருக்கிறது. கேமரா நகராததால் அதன் பிம்பம் மட்டும் நடுவில் எஞ்சும். லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியை முன்பே போர்த்திவிட்டால் அதுவும் பெரும்பாலும் மறையும்.