பழைய வாடிக்கையாளருக்கு அடுத்த வேலையைச் சொல்லும் மெயில்: படிப்படியாக

வெப்சைட் செய்து கொடுத்து, வருடாந்திரப் பராமரிப்பும் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே உங்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், இன்னொரு வேலையும் செய்துகொள்ளலாமே என்று மெயில் போட வேண்டும். பெரும்பாலும் என்ன நடக்கிறது? தங்கள் சேவைப் பட்டியலை ஒட்டி, கீழே ஒரு தள்ளுபடியைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். அதைப் படித்து முடித்த பிறகும், தன் தொழிலைப் பற்றி அந்த வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு முறை இப்படி வந்தால், மூன்றாவதை அவர் திறப்பதில்லை. அதில் அவசரமான விஷயமே இருந்தாலும்கூட.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: விலை சொல்லும் பத்தியை வெட்டி எடுத்துவிட்டாலும், அது அனுப்பத் தகுந்த மெயிலாக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்தே முழுவதும் பார்ப்போம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம். டேபிள் டாப், டில்டிங் இரண்டும் செய்கிறார்கள். சைட்டில் மாடல்களுக்குப் பக்கங்கள் உண்டு, உதிரிபாகத்துக்கு எதுவும் இல்லை. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. பார்க்கும் முறை மட்டும் அப்படியே உண்மையானது.

படி 1: அவருடைய கணக்கிலிருந்தே விஷயத்தை எடுங்கள்

உங்கள் பட்டியலில் என்ன விற்கலாம் என்று யோசித்து ஆரம்பிக்காதீர்கள். அந்த சைட்டின் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து `Performance` பகுதிக்குப் போங்கள். காலத்தைக் கடந்த 3 மாதமாக வையுங்கள். `Average position` பெட்டியையும் டிக் செய்யுங்கள். நாடு இந்தியா என்று ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் இவர் ஒருபோதும் பொருள் அனுப்பாத ஊர்களின் தேடல்களும் எண்ணிக்கையில் ஏறிவிடும்.

அடுத்து, தேடல் சொற்களுக்கான ஃபில்டரில் `Custom (regex)` தேர்ந்தெடுத்து இதைக் கொடுங்கள்:

```
belt|stone|drum|motor|spare
```

இப்போது உதிரிபாகம் தொடர்பான தேடல்கள் மட்டும் மிஞ்சும். நம் உதாரணத்தில், சைட் 2,100 முறை தேடல் முடிவுகளில் வந்திருக்கிறது. அப்படியே `Pages` தாவலை அழுத்துங்கள். இந்தத் தேடல்களுக்கு கூகுள் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று தெரியும். இங்கே காட்டுவது முகப்புப் பக்கத்தை. பெல்ட் தேடி வந்தவருக்கு, பெல்ட் என்ற சொல்லே பெயருக்கு மட்டும் இருக்கும் ஒரு பக்கம் கிடைக்கிறது. மெயிலுக்கான விஷயம் கிடைத்துவிட்டது.

படி 2: கிடைத்த எண்ணைச் சந்தேகப்படுங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2,100 என்ற எண்ணை அப்படியே மெயிலில் போட்டுவிடாதீர்கள். `Queries` பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். `grinding stone 4 inch` என்று தேடியவருக்கு வேண்டியது மாவரைக்கும் கல்லா? இல்லை. அவர் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டருக்குக் கல் தேடுகிறார். இப்படிப்பட்டவை கணிசமாக இருக்கும். மிக்ஸி மோட்டார் தேடியவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். இவற்றையெல்லாம் கழித்தால், நம் கணக்கில் 1,400 மிஞ்சுகிறது. க்ளிக் 11. சராசரி இடம் 17, அதாவது தேடல் முடிவுகளின் இரண்டாம் பக்கம்.

இன்னொன்று: 1,400 முறை தோன்றியது என்றால் 1,400 பேர் என்று பொருள் இல்லை. ஒரே ஆள் நான்கு முறை தேடியிருக்கலாம். இரண்டாம் பக்கத்தை யார் திறந்தாலும், கண்ணில் பட்டதோ இல்லையோ, அது ஒரு எண்ணாகச் சேரும். மிக அரிதான தேடல் சொற்களை கூகுள் பட்டியலில் காட்டுவதும் இல்லை. அதனால் ‘சுமார்’ என்று எழுதுங்கள், ‘முறை’ என்று எழுதுங்கள். தொழில் நடத்துகிறவர்கள் எண்ணில் கெட்டிக்காரர்கள். ஊதிய எண்ணை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கழித்த பிறகு ஐம்பதோ அறுபதோதான் மிஞ்சுகிறதா? அப்படியென்றால் மெயில் வேண்டாம். அடுத்த காலாண்டில் மறுபடி பாருங்கள்.

படி 3: பராமரிப்புக்குள் வரும் சிறு வேலையை முதலில் முடியுங்கள்

ஏற்கெனவே வாங்கும் கட்டணத்துக்குள் செய்யக்கூடியது ஏதாவது கட்டாயம் இருக்கும். இங்கே, முகப்புப் பக்கத்தில் உதிரிபாகத்துக்கு ஒரு வரியும் வாட்ஸ்அப் எண்ணும் சேர்க்கலாம். எந்த எண் என்று அவர்களுடைய சர்வீஸ் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அரை மணி நேர வேலை. மெயில் போய்ச் சேரும்போது இது முடிந்திருக்க வேண்டும்.

படி 4: மெயிலை எழுதுங்கள்

> பொருள்: பெல்ட், குழவி தேடி வருபவர்கள் – கடந்த 3 மாதக் கணக்கு
>
> வணக்கம் சார்,
>
> நம் சைட்டின் கூகுள் தேடல் கணக்கை இந்த வாரம் பார்த்தேன். கிரைண்டர் பெல்ட், குழவிக் கல், டிரம் போன்ற தேடல்களில் கடந்த 3 மாதத்தில் நம் சைட் சுமார் 1,400 முறை வந்திருக்கிறது. க்ளிக் ஆனது 11 முறைதான். உதிரிபாகத்துக்கென்று நம்மிடம் பக்கம் இல்லாததால், கூகுள் முகப்புப் பக்கத்தைக் காட்டுகிறது. அதுவும் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில்.
>
> உங்கள் சர்வீஸ் பிரிவில் கேட்டுக்கொண்டு, முகப்பில் உதிரிபாகங்களுக்கு ஒரு வரியும் வாட்ஸ்அப் எண்ணும் சேர்த்துவிட்டேன். இது பராமரிப்பிலேயே வரும்.
>
> செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடியது ஒன்று: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் பெல்ட், குழவி இரண்டையும் போட்டோவோடு பொருள்களாகச் சேர்த்துவிடலாம்.
>
> இதற்கு மேலும் செய்ய நினைத்தால், பெல்ட், குழவி, டிரம், மோட்டார் நான்குக்கும் தனித்தனிப் பக்கம் போடலாம். எந்த மாடலுக்கு எந்த பெல்ட் என்ற அட்டவணையும் ஆர்டர் பட்டனும் இருக்கும். ரூ.16,000, 18% ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.18,880. மூன்று வாரம் ஆகும். உங்கள் பக்கமிருந்து மாடல் பட்டியலும் போட்டோக்களும் வேண்டும். புதிய பக்கங்கள் தேடலில் மேலே வர சில மாதம் பிடிக்கலாம். எத்தனை ஆர்டர் வரும் என்று இப்போதே சொல்ல முடியாது.
>
> உதிரிபாகம் டீலர் வழியாகவே போகட்டும் என்று நினைத்தால் இந்த வேலை தேவையில்லை. சொல்லுங்கள், முகப்பில் டீலர் எண்ணைப் போட்டுவிடுகிறேன்.
>
> ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும்: பெல்ட், கல் கேட்டு மாதத்துக்கு எத்தனை பேர் போன் செய்கிறார்கள்?

இந்த மெயிலில் டீலர் பத்தியை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். கிரைண்டர் விற்கும் கடைக்காரர்களுக்கு உதிரிபாகத்திலும் வருமானம் உண்டு. தயாரிப்பாளர் நேரடியாக பெல்ட் விற்க ஆரம்பித்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். நம் வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்ல இதுவே உண்மையான காரணமாக இருக்கக்கூடும். அதை நாமே முதலில் எடுத்து வைத்தால், அவர் தொழிலை யோசித்துத்தான் எழுதியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். எந்தத் துறையானாலும், இப்படி ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று ஆகும் ஒரு சூழ்நிலை இருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அவருடைய வியாபாரம் உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டு வந்து எழுதுங்கள்.

கடைசிக் கேள்வியும் சும்மா வைத்ததல்ல. மாதம் நாற்பது போன் வருகிறது என்றால், தேவை இருப்பது அவருக்கே புரிந்துவிடும். இரண்டு என்றால், நீங்களே இந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்லலாம். ‘பேச எப்போது நேரம் கிடைக்கும்?’ என்று கேட்டால் அவர் டைரியைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எண்ணைத் தட்டினால் போதும்.

‘இந்த மாதம் மட்டும்’, ‘சிறப்புச் சலுகை’ போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். அடுத்த மாதமும் அதே விலைக்குத்தான் செய்யப்போகிறீர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

படி 5: அனுப்பும் முன்

விலைப் பத்தியை மறைத்துக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். மேலே உள்ளதில் தேடல் கணக்கு, முடித்த வேலை, இலவச யோசனை மூன்றும் நிற்கின்றன. சரி, அனுப்பலாம்.

பராமரிப்புப் பில்லோடு சேர்த்து அனுப்ப வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மொத்தமும் பில்லாகத்தான் தெரியும். அவர் சொன்ன ஏதாவது புகார் இன்னும் தீராமல் இருந்தால், அதை முடித்துவிட்டு அனுப்புங்கள். தீபாவளி விற்பனை நேரத்திலும் வேண்டாம்.

படி 6: பதிலைப் படிப்பது

‘போன் நிறைய வருது, ஆனா பெல்ட் சைஸ் தெரியாம கேக்குறாங்க’ என்கிற மாதிரி பதில் வந்தால் மெயில் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் உங்களோடு சேர்ந்து யோசிக்கிறார். அந்த வரியை வைத்தே பெல்ட் பக்கத்தைத் திட்டமிடலாம். ‘கொஞ்சம் குறைச்சுக்கலாமா?’ என்று மட்டும் வந்தால், அவர் விலையை மட்டும்தான் பார்த்திருக்கிறார். உடனே குறைத்துவிடாதீர்கள். பெல்ட், குழவி இரண்டு பக்கங்களை மட்டும் ரூ.8,000-க்கு முதலில் செய்யலாம் என்று வேலையைச் சுருக்கிக் காட்டுங்கள். செய்யும் வேலை அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்ன விலையை அவர் இனி நம்பமாட்டார்.

பதிலே வரவில்லையா? ஒரே ஒரு முறை எழுதலாம், புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால். நாலைந்து வாரம் கழித்து, ‘முகப்பில் சேர்த்த எண்ணுக்கு ஏதாவது வாட்ஸ்அப் வந்ததா என்று சர்வீஸில் கேட்டேன், இத்தனை வந்திருக்கிறது’ என்று இரண்டு வரி. ‘என் மெயிலைப் பார்த்தீர்களா?’ என்று மட்டும் கேட்கும் மெயில் வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால், காரணத்தையும் தேதியையும் அவருடைய ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் டீலர்தான் என்றால், சொன்னபடி முகப்பில் டீலர் எண்ணை அன்றைக்கே போட்டுவிட்டு ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.