மை லீவிங்கா, மீ லீவிங்கா?

"டூ யூ மைண்ட் மீ லீவிங் எர்லி?" என்பது பேச்சு ஆங்கிலத்தில் சாதாரணம்; அதைப் பிழை என்று சொல்ல முடியாது. விண்ணப்பத்திலோ அலுவலகக் கடிதத்திலோ "மை லீவிங்" என்று எழுதுவதே நல்லது. ஆட்சேபம் என் மீதல்ல, நான் கிளம்புவதன் மீது. இங்கே 'லீவிங்' ஒரு பெயர்ச்சொல்; அதற்கு முன் உடைமைச் சொல் வரும்.

சோதிக்க, ஐஎன்ஜி சொல்லை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லைப் போடுங்கள். "மை டிபார்ச்சர்" பொருந்துகிறது, "மீ டிபார்ச்சர்" பொருந்தாது. நமக்கு இது சறுக்குவதில் வியப்பில்லை. தமிழில் 'நான் கிளம்புவது' என்கிறோம், 'என் கிளம்புவது' என்பதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். "ஐ சா ஹிம் க்ராஸிங் த ரோட்" என்பதில் பார்த்தது அவனைத்தான். 'ஹிஸ்' போட்டால் வாக்கியம் கோணும். ஸீ, ஹியர், கேட்ச் போன்ற வினைகளுக்குப் பின் பெரும்பாலும் இப்படித்தான்.

நீளமான பெயர்களிலும் உடைமைக் குறி அசிங்கமாகத் தொங்கும். "த மேனேஜர் ஆஃப் த மதுரை பிராஞ்ச்ஸ் ரிசைனிங்" என்று இழுப்பதைவிட "த ரெசிக்னேஷன் ஆஃப் த மதுரை பிராஞ்ச் மேனேஜர்" என்று திருப்பி எழுதிவிடலாம்.